ஏக்கருக்கு எத்தனை கிலோ உரம்?

நெல்லுக்கு 120 கிலோ தழைச்சத்து போட வேண்டும். இப்படி ஒரு தாளில் எழுதியிருக்கிறது. இதைப் படித்தவுடன் உரக்கடைக்குப் போய்விடலாமா?

போகக் கூடாது. முதலில் ஒரு கேள்வி கேட்க வேண்டும். 120 கிலோ, எவ்வளவு நிலத்துக்கு? ஒரு ஏக்கருக்கா? ஒரு ஹெக்டேருக்கா?

ஹெக்டேர் பெரியது. ஏக்கர் சிறியது. ஹெக்டேருக்குச் சொன்னதை ஏக்கரில் போட்டால் பயிருக்கு இரண்டரை மடங்கு உரம் போய்விடும். பணமும் போகும், பயிரும் கெடும். ஏக்கருக்குச் சொன்னதை ஹெக்டேருக்கு என்று நினைத்து மறுபடி குறைத்தால் பயிர் பட்டினி கிடக்கும்.

வேளாண்மை ஆராய்ச்சி நிலையங்கள் உர அளவை ஹெக்டேர் கணக்கில்தான் சொல்கின்றன. நம் நாட்டில் மெட்ரிக் அளவுகளுக்கு 1956-இல் சட்டம் வந்தது. அதன்பின் அரசுக் கணக்குகள் மெல்ல மெல்லக் கிலோ, மீட்டர், ஹெக்டேர் என்று மாறின. ஆனால் வயலில் நிற்பவர் இன்றும் ஏக்கர், செண்ட், மா என்றுதான் பேசுகிறார். ஆகவே யாரோ ஒருவர் நடுவில் உட்கார்ந்து ஹெக்டேர் கணக்கை ஏக்கர் கணக்காக மாற்றுகிறார். பிறகுதான் அது துண்டறிக்கையாக, சுவரொட்டியாக, கைப்பேசிச் செய்தியாக நம்மிடம் வருகிறது. மாற்றும்போது பிழை நேரலாம். அந்தப் பிழையை நாமே கண்டுபிடிக்க முடியும். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

ஹெக்டேர் எவ்வளவு பெரியது?

ஒரு சதுரமான நிலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நீளம் 100 மீட்டர். அகலம் 100 மீட்டர். அதுதான் ஒரு ஹெக்டேர். அதன் பரப்பு 10,000 சதுர மீட்டர்.

ஒரு ஏக்கர் என்பது 100 செண்ட். அதன் பரப்பு சுமார் 4,047 சதுர மீட்டர்.

ஒரு ஹெக்டேரில் எத்தனை ஏக்கர் அடங்கும்? 2 ஏக்கர் 47 செண்ட் அடங்கும். ஏறத்தாழ இரண்டரை ஏக்கர். வயல் கணக்குக்கு இரண்டரை என்று வைத்துக்கொள்ளலாம். அதனால் வரும் வித்தியாசம் மிகச் சிறியது. 100 கிலோ உரத்தில் ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாக வரும். உரத்தைக் கையால் தூவும்போது அதைவிட அதிக வித்தியாசம் தானே வந்துவிடும்.

ஹெக்டேர் கணக்கை ஏக்கர் கணக்காக்க இரண்டரையால் வகுக்க வேண்டும். இரண்டரையால் வகுப்பது சிலருக்குச் சிரமமாக இருக்கும். அவர்களுக்கு ஒரு சுலபமான வழி உண்டு. நான்கால் பெருக்குங்கள். பிறகு பத்தால் வகுத்துவிடுங்கள்.

120-ஐ எடுத்துக்கொள்வோம். 120 × 4 = 480. பத்தால் வகுத்தால் 48. ஆக, ஹெக்டேருக்கு 120 கிலோ என்றால் ஏக்கருக்கு 48 கிலோ.

இதையே இப்படியும் நினைவில் வைக்கலாம். ஹெக்டேருக்குப் பத்துக் கிலோ என்றால் ஏக்கருக்கு நான்கு கிலோ.

ஏக்கர் எண் எப்போதும் ஹெக்டேர் எண்ணில் பாதிக்கும் குறைவாகத்தான் இருக்கும். மாற்றிய பிறகு எண் பெரிதாகிவிட்டால் வகுப்பதற்குப் பதில் பெருக்கிவிட்டார்கள் என்று உடனே தெரிந்துகொள்ளலாம்.

சத்து வேறு, உரம் வேறு

இன்னும் ஒரு படி இருக்கிறது. பலர் தடுமாறும் இடம் இதுதான்.

ஏக்கருக்கு 48 கிலோ தழைச்சத்து வேண்டும் என்று கண்டோம். அப்படியானால் 48 கிலோ யூரியா வாங்கினால் போதுமா? போதாது. யூரியா என்பது உரம். தழைச்சத்து அதற்குள் இருக்கும் ஒரு பகுதி மட்டுமே. 100 கிலோ யூரியாவில் 46 கிலோ தழைச்சத்துதான் இருக்கிறது.

மற்ற உரங்களும் அப்படித்தான். 100 கிலோ சூப்பர் பாஸ்பேட்டில் 16 கிலோ மணிச்சத்து இருக்கிறது. 100 கிலோ பொட்டாஷ் உரத்தில் 60 கிலோ சாம்பல்சத்து இருக்கிறது. இந்த எண்களை உர மூட்டையின் மேலேயே அச்சிட்டிருப்பார்கள். வாங்கும்போது மூட்டையைப் புரட்டிப் பார்த்துப் படியுங்கள்.

சத்துக் கணக்கை உரக் கணக்காக மாற்றும் முறை இது. வேண்டிய சத்தை நூறால் பெருக்க வேண்டும். வந்ததை மூட்டையில் உள்ள எண்ணால் வகுக்க வேண்டும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் குறுகிய கால நெல்லுக்குப் பொதுவாக ஓர் அளவு சொல்கிறது. காவிரி டெல்டா போன்ற சில பகுதிகளைத் தவிர மற்ற இடங்களுக்கு அது பொருந்தும். ஹெக்டேருக்குத் தழைச்சத்து 120 கிலோ, மணிச்சத்து 40 கிலோ, சாம்பல்சத்து 40 கிலோ. இதைச் சுருக்கமாக 120 : 40 : 40 என்று எழுதுவார்கள்.

முதலில் ஏக்கர் கணக்காக மாற்றுவோம்.

தழைச்சத்து: 120 × 4 = 480. பத்தால் வகுத்தால் 48 கிலோ.
மணிச்சத்து: 40 × 4 = 160. பத்தால் வகுத்தால் 16 கிலோ.
சாம்பல்சத்து: இதுவும் 16 கிலோ.

இனி உரக் கணக்கு.

யூரியா: 48 × 100 = 4,800. 46-ஆல் வகுத்தால் 104 கிலோ.
சூப்பர் பாஸ்பேட்: 16 × 100 = 1,600. 16-ஆல் வகுத்தால் 100 கிலோ.
பொட்டாஷ்: 16 × 100 = 1,600. 60-ஆல் வகுத்தால் சுமார் 27 கிலோ.

ஆக, ஏக்கருக்கு யூரியா 104 கிலோ, சூப்பர் 100 கிலோ, பொட்டாஷ் 27 கிலோ. இந்த மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து வரும் கதைக்கு அவை தேவைப்படும்.

ஒரு துண்டறிக்கையில் ஒளிந்திருந்த பிழை

ஒரு கிராமத்தில் ஒரு கணவனும் மனைவியும் ஒரு ஏக்கரில் குறுவை நெல் வைக்க இருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் ஊரில் டெல்டா கணக்கு இல்லை. 120 : 40 : 40 தான் பரிந்துரை. கணவர் கடைவீதியிலிருந்து ஒரு துண்டறிக்கை கொண்டுவந்தார். அதன் தலைப்பில் "நெல்: ஹெக்டேருக்கு 120 : 40 : 40 கிலோ சத்து" என்று இருந்தது. அதன் கீழே இப்படி இருந்தது.

ஒரு ஏக்கருக்கு
யூரியா: 104 கிலோ
சூப்பர் பாஸ்பேட்: 100 கிலோ
பொட்டாஷ்: 67 கிலோ

கணவர் பணத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மனைவி தாளை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"ஏங்க, கொஞ்சம் இருங்க. மேலே மணிச்சத்தும் 40, சாம்பல்சத்தும் 40-தானே? சூப்பர் மூட்டையில சத்து 16-தான். அதனால 100 கிலோ வேணும். பொட்டாஷ்ல 60 இருக்கு. சத்து அதிகமா இருக்கிற உரம் ரொம்பக் குறைச்சலாத்தானே வேணும்? 67 கிலோ எதுக்கு?"

"அச்சடிச்சுக் கொடுத்திருக்காங்க. தப்பா போடுவாங்களா?" என்றார் கணவர்.

"திருப்பிப் போட்டுப் பாப்போம்" என்றார் மனைவி.

திருப்பிப் போடுவது என்றால் என்ன? ஹெக்டேரிலிருந்து ஏக்கருக்கு வந்த வழியிலேயே திரும்பிப் போவது. சத்திலிருந்து உரத்துக்கு வந்தோம். இப்போது உரத்திலிருந்து சத்துக்குப் போக வேண்டும். பிறகு ஏக்கரிலிருந்து ஹெக்டேருக்குப் போக வேண்டும். கடைசியில் தலைப்பில் உள்ள எண் வர வேண்டும். வந்தால் கணக்குச் சரி. வராவிட்டால் நடுவில் பிழை.

இருவரும் தரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள்.

யூரியா 104 கிலோ. 104 × 46 = 4,784. நூறால் வகுத்தால் ஏறக்குறைய 48 கிலோ தழைச்சத்து. அதை இரண்டரையால் பெருக்கினால் 120. தலைப்பிலும் 120. சரி.

சூப்பர் 100 கிலோ. 100 × 16 = 1,600. நூறால் வகுத்தால் 16 கிலோ மணிச்சத்து. இரண்டரையால் பெருக்கினால் 40. தலைப்பிலும் 40. சரி.

பொட்டாஷ் 67 கிலோ. 67 × 60 = 4,020. நூறால் வகுத்தால் 40 கிலோ சாம்பல்சத்து. இரண்டரையால் பெருக்கினால் 100. தலைப்பில் 40. இங்கேதான் இடிக்கிறது.

67 என்ற எண் எங்கிருந்து வந்தது? அது ஹெக்டேருக்கு உரிய பொட்டாஷ் அளவு. முதல் இரண்டு வரிகளை ஏக்கருக்கு மாற்றியவர் மூன்றாவது வரியை மாற்றாமல் விட்டுவிட்டார். 67 × 4 = 268. பத்தால் வகுத்தால் சுமார் 27 கிலோ. அதுதான் சரியான அளவு.

அவர்கள் 27 கிலோ மட்டும் வாங்கினார்கள். இல்லாவிட்டால் 40 கிலோ பொட்டாஷுக்கு வீணாகப் பணம் கொடுத்திருப்பார்கள். பொட்டாஷ் ஒரு மூட்டை 50 கிலோ. ஏறத்தாழ ஒரு மூட்டைப் பணம் மிச்சம்.

ஒரு வரி சரியாக இருந்தால் எல்லா வரியும் சரி என்று நம்பிவிடக் கூடாது. ஒவ்வொரு வரியையும் தனித்தனியே திருப்பிப் பார்க்க வேண்டும்.

பிழை எந்த வகை?

நீங்கள் போட்ட கணக்கும் தாளில் உள்ள எண்ணும் ஒத்துவரவில்லை. அப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எத்தனை மடங்கு வித்தியாசம் என்று பார்த்தால் பிழையின் வகை தெரிந்துவிடும்.

தாளில் உள்ள எண் உங்கள் எண்ணைப் போல இரண்டரை மடங்கா? அப்படியானால் ஹெக்டேர் அளவை மாற்றாமல் விட்டுவிட்டார்கள். ஏக்கருக்கு யூரியா 261 கிலோ என்று இருந்தால் இந்த வகைப் பிழைதான்.

தாளில் உள்ள எண் உங்கள் எண்ணில் பாதிக்கும் சற்றுக் குறைவா? இதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். யூரியா 42 கிலோ என்று இருந்தால், ஏற்கெனவே ஏக்கர் அளவாக இருந்த 104-ஐ இன்னொருவர் மறுபடி இரண்டரையால் வகுத்துவிட்டார். யூரியா 48 கிலோ என்று இருந்தால், தழைச்சத்து அளவையே யூரியா அளவாக எழுதிவிட்டார். 48 கிலோ யூரியாவில் 22 கிலோ தழைச்சத்துதான் இருக்கும். பயிருக்கு வேண்டியது 48.

வித்தியாசம் ஒன்றிரண்டு கிலோ மட்டும்தானா? அது பிழை இல்லை. ஒருவர் இரண்டரையால் வகுத்திருப்பார். இன்னொருவர் 2.47-ஆல் வகுத்திருப்பார். அதை விட்டுவிடலாம்.

பிழையான அளவு வயலுக்குப் போனால் என்ன ஆகும்?

யூரியா அதிகமானால் முதலில் பயிர் பார்க்க அழகாக இருக்கும். கரும்பச்சையாகத் தழைத்து நிற்கும். ஆனால் இலை மென்மையாகிவிடும். இலைச்சுருட்டுப்புழு வரும். குலை நோய் பரவும். புகையான் பெருகும். தண்டு வலுவில்லாமல் வளரும். கதிர் முற்றும் நேரத்தில் ஒரு காற்று மழை வந்தால் பயிர் சாய்ந்துவிடும். பயிர் எடுத்துக்கொள்ளாத சத்து தண்ணீரோடும் காற்றோடும் போய்விடும்.

யூரியா குறைந்தால் அடி இலைகள் முதலில் மஞ்சளாகும். தூர் குறைவாக வெடிக்கும். பயிர் குட்டையாக, வெளிறி நிற்கும்.

இரண்டில் எதைத் திருத்தலாம்? குறைவாகப் போட்டதை அடுத்த தவணையில் ஓரளவு ஈடுகட்டலாம். அதிகமாகப் போட்டதைத் திருப்பி அள்ள முடியாது. ஆகவே தாளில் உள்ள எண் மிகப் பெரியதாகத் தெரிந்தால் உரத்தைத் தூவாமல் நிறுத்திவையுங்கள். கணக்குப் பார்த்த பிறகு தூவலாம்.

மூட்டைக் கணக்கில் ஒரு மாற்றம்

சில தாள்களில் கிலோ இருக்காது. "ஏக்கருக்கு இரண்டு மூட்டை யூரியா" என்று இருக்கும். இங்கே கவனம் தேவை.

முன்பெல்லாம் யூரியா மூட்டை 50 கிலோ. 2018 முதல் வேப்பெண்ணெய் பூசிய யூரியா 45 கிலோ மூட்டையாக வருகிறது. சூப்பர், பொட்டாஷ் மூட்டைகள் 50 கிலோவாகவே இருக்கின்றன.

பழைய தாளில் "யூரியா இரண்டு மூட்டை" என்று இருந்தால் அது 100 கிலோ. இன்று இரண்டு மூட்டை வாங்கினால் 90 கிலோதான். பத்துக் கிலோ குறைந்துவிடும். ஆகவே தாளில் மூட்டை என்று இருந்தால் அது எந்த ஆண்டுத் தாள் என்று பாருங்கள். மூட்டையைக் கிலோவாக மாற்றிக்கொண்டு பிறகு கணக்குப் போடுங்கள். மூட்டையின் எடை மூட்டையிலேயே எழுதியிருக்கும்.

நம் கணக்கில் 104 கிலோ யூரியா வேண்டும். இரண்டு மூட்டை 90 கிலோ. இன்னும் 14 கிலோ வேண்டும்.

ஒரே தடவையா? நான்கு தடவையா?

104 கிலோ யூரியாவையும் ஒரே நாளில் போடுவதில்லை. நட்ட நெல்லுக்குத் தழைச்சத்தையும் சாம்பல்சத்தையும் நான்கு சம பங்காகப் பிரித்துப் போடச் சொல்கிறார்கள். முதல் பங்கு அடியுரம். இரண்டாவது தூர் கட்டும்போது. மூன்றாவது பூங்கதிர் உருவாகும்போது. நான்காவது கதிர் வெளிவரும்போது. மணிச்சத்தை மட்டும் முழுவதும் அடியுரமாகவே போட்டுவிட வேண்டும்.

104-ஐ நான்கால் வகுத்தால் 26. ஒரு தவணைக்கு ஏக்கருக்கு 26 கிலோ யூரியா.

தவணைக் கணக்கிலும் பிழை ஒளிந்திருக்கலாம். ஒரு செய்தியில் "மேலுரமாக ஏக்கருக்கு 65 கிலோ யூரியா இடவும்" என்று வருகிறது. பார்ப்பதற்கு 65 பெரிய எண்ணாகத் தெரியாது. மொத்த அளவான 104-ஐவிடக் குறைவுதானே என்று தோன்றும். ஆனால் 65-ஐ நான்கால் பெருக்கிப் பாருங்கள். 260 வருகிறது. அது ஹெக்டேருக்கு உரிய மொத்த அளவு. ஆகவே தவணை எண்ணைச் சோதிக்க முதலில் எத்தனை தவணை என்று கேளுங்கள். அதனால் பெருக்கி மொத்தத்தைக் கண்டுபிடியுங்கள். பிறகு திருப்பிப் போடுங்கள்.

ஒருவர் தெரியாமல் ஏக்கருக்கு 65 கிலோ அடியுரமாகப் போட்டுவிட்டார். பிறகுதான் பிழை தெரிகிறது. என்ன செய்வது? மொத்தம் வேண்டியது 104. போட்டது 65. மீதி 39 கிலோதான் இருக்கிறது. இரண்டாவது தவணையை அவசரப்பட்டுப் போடாமல் பயிரின் நிறத்தைப் பார்க்க வேண்டும். இலை கரும்பச்சையாக இருந்தால் பொறுத்திருக்கலாம். வேளாண்மை அலுவலரிடம் நடந்ததைச் சொல்லி, மீதியை எப்போது போடலாம் என்று கேட்டுக்கொள்ளலாம்.

பட்டாவில் ஏர், வாயில் மா

உங்கள் நிலத்தின் அளவைப் பட்டாவில் பாருங்கள். அதில் ஹெக்டேர் என்றும் ஏர் என்றும் இருக்கும். ஏர் என்பது உழும் ஏர் அல்ல. அது ஓர் அளவு. 100 ஏர் ஒரு ஹெக்டேர். ஒரு ஏர் ஏறத்தாழ இரண்டரை செண்ட்.

பட்டாவில் ஏர் கணக்கு இருந்தால் உங்களுக்கு ஏக்கர் கணக்கே வேண்டாம். ஹெக்டேர் பரிந்துரையிலிருந்து நேராகவே உங்கள் நிலத்துக்கு வந்துவிடலாம். பட்டாவில் 0 ஹெக்டேர் 60 ஏர் என்று இருக்கிறது. ஹெக்டேருக்கு யூரியா 261 கிலோ. 261 × 60 = 15,660. நூறால் வகுத்தால் 157 கிலோ. அவ்வளவுதான். நடுவில் யாரும் மாற்றித் தர வேண்டியதில்லை. ஆகவே பிழைக்கும் இடமில்லை.

இதே நிலத்தை ஏக்கர் வழியிலும் சோதிக்கலாம். 60 ஏர் என்பது 148 செண்ட். ஏறத்தாழ ஒன்றரை ஏக்கர். 104 × ஒன்றரை = 156 கிலோ. இரண்டு வழியிலும் ஏறக்குறைய ஒரே எண் வருகிறது. இரண்டு வழியிலும் ஒரே எண் வந்தால் தைரியமாக உரம் வாங்கலாம்.

தஞ்சைப் பக்கத்தில் மா கணக்கு உண்டு. அங்கே மூன்று மா ஒரு ஏக்கர். ஒரு மாவுக்கு ஏக்கர் அளவில் மூன்றில் ஒரு பங்கு. கர்நாடகத்தில் குண்டா கணக்கு உண்டு. 40 குண்டா ஒரு ஏக்கர். நம் ஊரில் எந்த அளவு வழங்கினாலும் முதலில் அதை ஏக்கராகவோ ஏராகவோ மாற்றிக்கொண்டு பிறகு உரக் கணக்குக்கு வர வேண்டும்.

டி.ஏ.பி. போட்டால்?

டி.ஏ.பி. உரத்தில் இரண்டு சத்துகள் இருக்கின்றன. மூட்டையில் 18 : 46 என்று இருக்கும். 100 கிலோவில் 18 கிலோ தழைச்சத்து, 46 கிலோ மணிச்சத்து.

சூப்பருக்குப் பதிலாக டி.ஏ.பி. போடுவோம். 16 கிலோ மணிச்சத்துக்கு 35 கிலோ டி.ஏ.பி. போதும். ஆனால் அந்த 35 கிலோவிலேயே 6 கிலோ தழைச்சத்தும் சேர்ந்து வந்துவிடும். அதை யூரியாவில் கழிக்க வேண்டும். 48-இல் 6 போனால் 42. 42 × 100 = 4,200. 46-ஆல் வகுத்தால் 91 கிலோ யூரியா. இன்றைய 45 கிலோ மூட்டையில் ஏறத்தாழ இரண்டு மூட்டை.

ஒரு தாளில் 35 கிலோ டி.ஏ.பி.யும் 104 கிலோ யூரியாவும் சேர்ந்து இருந்தால், டி.ஏ.பி.யில் உள்ள தழைச்சத்தைக் கழிக்க மறந்துவிட்டார்கள் என்று பொருள்.

இந்தக் கணக்கு எதைச் சொல்லாது?

திருப்பிப் போட்டுப் பார்ப்பது ஒன்றை மட்டும் சொல்லும். மாற்றியது சரியா தவறா என்று சொல்லும். உங்கள் வயலுக்கு 120 கிலோ தழைச்சத்து உண்மையிலேயே வேண்டுமா என்று அது சொல்லாது. அதை மண் பரிசோதனைதான் சொல்லும். மண்ணில் ஏற்கெனவே சாம்பல்சத்து நிறைய இருந்தால் பொட்டாஷைக் குறைக்கலாம்.

மண்வள அட்டையைப் படிக்கும்போதும் ஓர் எச்சரிக்கை. அதில் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என்ற பெயர்களுக்கு எதிரே எண்கள் இருக்கும். அவை மண்ணில் ஏற்கெனவே இருக்கும் சத்து. நாம் போட வேண்டிய சத்து அல்ல. போட வேண்டிய அளவு பரிந்துரை என்ற தலைப்பில் தனியாக இருக்கும். அந்தத் தலைப்பைத் தேடிப் படியுங்கள். ஹெக்டேருக்கா, ஏக்கருக்கா என்று அங்கேயும் பாருங்கள்.

சந்தேகம் தீராவிட்டால் உழவர் அழைப்பு மையத்துக்குத் தொலைபேசியில் பேசலாம். எண் 1800-180-1551. கட்டணம் இல்லை. தமிழிலேயே பேசலாம். பேசும்போது பயிரின் பெயர், நிலத்தின் அளவு, தாளில் உள்ள எண், நீங்கள் போட்ட கணக்கு ஆகிய நான்கையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் ஓர் எண் சொன்னால், "இது ஏக்கருக்கா, ஹெக்டேருக்கா? சத்தா, உரமா?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்களே போட்டுப் பாருங்கள்

காவிரி டெல்டாவில் நெல்லுக்கு ஹெக்டேருக்கு 150 : 50 : 50 கிலோ சத்து என்பது பொதுப் பரிந்துரை. ஒரு தாளில் ஏக்கருக்கு இப்படி எழுதியிருக்கிறது.

யூரியா: 60 கிலோ
சூப்பர் பாஸ்பேட்: 125 கிலோ
பொட்டாஷ்: 33 கிலோ

எந்த வரியில் பிழை இருக்கிறது? அது எந்த வகைப் பிழை? சரியான அளவு எவ்வளவு? விடையைப் பார்க்கும் முன் தாளும் பென்சிலும் எடுத்துக் கணக்குப் போடுங்கள்.

விடை: சூப்பர் சரி. 125 கிலோவில் 20 கிலோ மணிச்சத்து. இரண்டரையால் பெருக்கினால் 50. பொட்டாஷும் சரி. 33 கிலோவில் சுமார் 20 கிலோ சாம்பல்சத்து. அதுவும் 50 வரும். யூரியாதான் தவறு. 60 கிலோ யூரியாவில் 28 கிலோ தழைச்சத்துதான் இருக்கிறது. இரண்டரையால் பெருக்கினால் 70-க்கும் குறைவு. வேண்டியது 150. ஏக்கருக்கு வேண்டிய 60 கிலோ தழைச்சத்தை அப்படியே 60 கிலோ யூரியா என்று எழுதிவிட்டார்கள். சரியான அளவு 60 × 100 = 6,000. 46-ஆல் வகுத்தால் 130 கிலோ யூரியா.